காகம் ஏன் கரைகிறது? – மரபுச்சொற்கள் ஒரு பாடம்



நம் அறக்கட்டளை வகுப்பில் குரூப் 4 தேர்வின் முறைப்படி ஒரு மாதிரித் தேர்வு வைத்தோம். அந்தத் தேர்வின் முதல் பகுதி தமிழ். 100 வினாக்கள், ஒரு வினாவுக்கு ஒன்றரை மதிப்பெண், ஆக 150 மதிப்பெண். அதில் 60 எடுத்தால்தான் இரண்டாம் பகுதியான பொது அறிவு விடைகளைத் திருத்துவார்கள். எடுக்காவிட்டால் அந்தப் பகுதியில் எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும் பயனில்லை.

எங்கள் வகுப்புக்கு வரும் ஒரு சகோதரி தமிழில் 39 வினாக்களுக்குச் சரியான விடை எழுதியிருந்தார். மதிப்பெண் ஐம்பத்தெட்டரை. பொது அறிவுப் பகுதியில் வகுப்பிலேயே அவர்தான் முதல். உண்மையான தேர்வாக இருந்தால் அந்த உழைப்பு முழுவதும் ஒரே ஒரு வினாவினால் வீணாகியிருக்கும். அவர் தவறவிட்ட வினாக்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். அவற்றில் ஒன்று இது:

மரபுப்பிழை அற்ற தொடரைத் தேர்ந்தெடு.
அ) கூகை அலறியது
ஆ) காகம் கரைந்தது
இ) யானை கத்தியது
ஈ) மயில் கூவியது

அவர் குறித்த விடை ‘அ’. ஏன் என்று கேட்டேன். “சர்க்கரைதானே கரையும், காக்கா எப்படி கரையும் பாய்? அது தப்புன்னு உடனே அடிச்சுட்டேன். ஆந்தை அலறும்னு படிச்சிருக்கேன். கூகையும் ஆந்தை மாதிரிதானேன்னு அதைப் போட்டேன்” என்றார். சரியான விடை ‘ஆ’.

அவர் யோசிக்காமல் எழுதவில்லை. யோசித்துத்தான் தவறினார். அதனால் எப்படி யோசிக்க வேண்டும் என்பதையே இந்த மாதப் பாடமாக வைத்துக்கொள்வோம்.

மரபுப்பிழை என்றால் என்ன?

‘காகம் கத்தியது’ என்ற தொடரில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது, பொருளும் விளங்குகிறது. ஆனாலும் தேர்வில் அது பிழை. ஒரு பொருளை முன்னோர் எந்தச் சொல்லால் சொல்லி வந்தார்களோ அந்தச் சொல்லாலேயே சொல்வது மரபு. அதை மாற்றிச் சொன்னால் மரபுப்பிழை. ஆகவே இந்த வினாக்களில் ‘பொருள் விளங்குகிறதா’ என்று பார்க்கக் கூடாது. ‘இந்த உயிருக்கு இந்தச் சொல்லா’ என்றுதான் பார்க்க வேண்டும்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் தெருவில் பேசும்போது காக்கா கத்துது, பூனை கத்துது, குயில் கத்துது என்று எல்லாமே கத்துகின்றன. குட்டியும் அப்படித்தான், எல்லா விலங்குக்கும் அந்த ஒரு சொல் போதும். வீட்டில் உருது பேசும் குடும்பங்களில் ‘பச்சா’ என்ற ஒரு சொல்லால் எல்லாக் குட்டிகளையும் சொல்லிவிடலாம். அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் தமிழிலும் எல்லாவற்றுக்கும் ‘குட்டி’ போட்டுவிடுகிறார்கள். உருதுவிலும் கோழிக்குஞ்சுக்கு ‘சூஸா’, நாய்க்குட்டிக்கு ‘பில்லா’ என்று தனிச்சொற்கள் இருக்கின்றன. வீட்டுப் பெரியவர்கள் அதை நினைவூட்டினால், தமிழில் ஏன் இத்தனை சொற்கள் என்பது பிள்ளைகளுக்குப் புதிதாகத் தோன்றாது.

ஒலிமரபு

பெரும்பாலான பிள்ளைகள் விலங்கின் பெயரையும் ஒலியையும் அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள். இரண்டு வாரத்தில் மறந்துவிடுகிறது. அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. அந்த வினைச்சொல்லை மனிதர்களுக்கு எங்கே பயன்படுத்துகிறோம் என்று யோசித்துப் பாருங்கள். பல சொற்கள் தாமாகவே பொருளைக் காட்டிவிடும்.

‘நாக்குழறியது’ என்கிறோம். சொல் தெளிவாக வராமல் தொண்டைக்குள் உருள்வதுதான் குழறல். கூகை என்பது பெரிய ஆந்தை. அதன் குரல் கனத்து, அடங்கி, தெளிவில்லாமல் வரும். அதனால் கூகை குழறும். பயந்தவர் வீறிட்டுக் கத்துவதை அலறல் என்கிறோம். சிறிய ஆந்தையின் கீச்சென்ற குரல் அப்படிப்பட்டது. அதனால் ஆந்தை அலறும். நம் சகோதரி இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் தவறினார். தேர்வில் இந்த இணையைப் பார்த்தால் கூகையா ஆந்தையா என்பதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

வெற்றி பெற்றவன் ஊர் கேட்கப் பெருமை பேசினால் ‘கொக்கரித்தான்’ என்கிறோம். முட்டையிட்டுவிட்டு எழுந்த பெட்டைக்கோழி வீடே அதிரச் சத்தம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. கோழி கொக்கரிக்கும், சேவல் கூவும். இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்துப் பிழை கேட்பது வழக்கமான வினா.

தொண்டையைச் சரிசெய்துகொள்வதைக் கனைத்தல் என்கிறோம். குதிரை கனைக்கும். பொருளில்லாமல் ஓயாது பேசுவது அலப்புதல். குரங்கு அலப்பும்.

இப்போது காகத்துக்கு வருவோம். ‘கரை’ என்ற வினைக்குத் தமிழில் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு. நீரில் உருகிச் சேர்வது ஒன்று. அழைப்பது இன்னொன்று. ஒரு காகம் இரை கண்டால் மற்றக் காகங்களைக் கூப்பிடும். அந்தக் கூப்பிடுதலுக்குத்தான் கரைதல் என்று பெயர். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் படகிலிருந்து மீன் இறக்கும் நேரத்தில் போய் நின்றால் இதைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் ஒரு காகம், பிறகு பத்து. மயிலுக்குரிய ‘அகவுதல்’ என்ற சொல்லுக்கும் அழைத்தல் என்ற பொருள் உண்டு. மயில் அகவும், குயில் கூவும். ஆகவே நம் வினாவில் ‘மயில் கூவியது’ பிழை. யானைக்குப் பிளிறுதல் என்ற தனிச்சொல் இருப்பதால் ‘யானை கத்தியது’ பிழை. மிஞ்சுவது ‘காகம் கரைந்தது’ மட்டும்.

இந்த வழிக்கும் ஓர் எல்லை உண்டு. ‘கத்தும்’ என்று பார்த்தவுடன் பிழை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஆடு கத்தும், கழுதை கத்தும் என்பதே மரபு. பக்ரீத் சமயத்தில் வாசலில் கட்டிய ஆட்டைப் பார்த்து உங்கள் பிள்ளை ‘ஆடு கத்துது’ என்றால் அது சரியான தமிழ். அதே வாயால் ‘பசு கத்துது’ என்றால் தேர்வில் மதிப்பெண் கிடைக்காது, பசு கதறும். அதேபோல் ஒரு சொல் ஒரே உயிருக்குத்தான் என்றும் நினைக்க வேண்டாம். புலியும் உறுமும், பன்றியும் உறுமும். பாம்பும் சீறும், பூனையும் சீறும்.

இளமைப்பெயர்

குட்டி, கன்று, குஞ்சு என்ற மூன்றும் எல்லோரும் அறிந்தவை. நாய், பூனை, ஆடு, குதிரை, கழுதை, பன்றி, குரங்கு ஆகியவற்றுக்குக் குட்டி. பசு, எருமை, மான், யானை ஆகியவற்றுக்குக் கன்று. கோழி முதலான பறவைகளுக்குக் குஞ்சு. இதில் பிள்ளைகள் அதிகம் தவறும் இடம் யானை. கதைப் புத்தகம், கார்ட்டூன் எல்லாவற்றிலும் ‘யானைக்குட்டி’ என்றே கேட்டுப் பழகிவிட்டார்கள். தேர்வில் யானைக்கன்றுதான் விடை.

அடுத்து, பாடப்புத்தகத்தில் மட்டுமே சந்திக்கும் இரண்டு சொற்கள்: சிங்கக்குருளை, புலிப்பறழ். இவற்றில் எழுத்துப்பிழைதான் ஆபத்து. நம் பக்கத்துப் பேச்சில் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ர, ற வேறுபாடும் தேய்ந்துவிட்டது. அதனால் பறழைப் ‘பரல்’ என்று எழுதுகிறார்கள். பரல் என்றால் சிறு கல், சிலம்புக்குள் இருப்பது. குருளையைக் ‘குருலை’ என்று எழுதுகிறார்கள். இந்த இரண்டு சொற்களையும் சொல்லிப் பார்ப்பது போதாது, எழுதிப் பார்க்க வேண்டும்.

பிறகு கீரியும் அணிலும். இவற்றின் இளமைப்பெயர் பிள்ளை: கீரிப்பிள்ளை, அணிற்பிள்ளை. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. தெருவில் வளர்ந்த கீரி ஓடினாலும் ‘கீரிப்பிள்ளை ஓடுது’ என்றுதான் சொல்கிறோம். முழு விலங்குக்கே அது பெயராகிவிட்டது. அதனால் ‘கீரியின் இளமைப்பெயர் யாது?’ என்று கேட்டால், தாம் தினமும் சொல்லும் சொல்லிலேயே விடை இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தோன்றுவதில்லை. குட்டி என்று எழுதிவிடுகிறார்கள்.

தொல்காப்பியமும் பாடப்புத்தகமும்

கொஞ்சம் ஆழமாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். இந்தப் பெயர்களை முதலில் முறைப்படுத்திச் சொன்ன நூல் தொல்காப்பியம். அதன் கடைசி இயலான மரபியலில் பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்று ஒன்பது இளமைப்பெயர்கள் வருகின்றன. இன்று நாம் சொல்லும் ‘குஞ்சு’ அந்த ஒன்பதில் இல்லை. பறவைக்கு அங்கே சொல்லப்படுபவை பார்ப்பும் பிள்ளையும்.

அந்த நூலின்படி நாய், பன்றி, புலி, முயல் நான்கும் குருளைக்கு உரியவை. அவற்றைக் குட்டி, பறழ் என்று சொன்னாலும் தவறில்லை என்று அதுவே சொல்கிறது. அணிலைக் குட்டி என்கிறது. ஆட்டுக்கு மறி. குதிரைக்கு மறி, கன்று இரண்டும் உண்டு. யானைக்குக் கன்றும் உண்டு, குழவியும் உண்டு. கன்று என்ற பெயருக்கு உரியவற்றோடு ஒட்டகத்தையும் சேர்த்திருக்கிறது. ஹதீஸ்களிலும் வரலாற்று நூல்களிலும் ஒட்டகத்தைப் படிக்கும் நம் பிள்ளைகள் அதன் இளையதை எப்படிச் சொல்வது என்று கேட்டால் ‘ஒட்டகக் கன்று’ என்று தயங்காமல் சொல்லலாம்.

அப்படியானால் அணிலுக்குக் குட்டியா, பிள்ளையா? எதை எழுதுவது? இதற்கு விடை எளிது. தொல்காப்பியம் தன் காலத்து வழக்கைப் பதிவு செய்தது. அதில் ஒரு விலங்குக்கு இரண்டு மூன்று பெயர்கள் இருந்தன. பிற்கால வழக்கில் பெரும்பாலும் ஒரு விலங்குக்கு ஒரு பெயர் என்று நிலைபெற்றது. அதைத்தான் பள்ளிப் பாடப்புத்தகம் தருகிறது. மரபுச்சொல் என்று பொதுவாகக் கேட்டால் பாடப்புத்தக விடையை எழுதுங்கள். ‘தொல்காப்பியர் கூறும்’ அல்லது ‘மரபியலின்படி’ என்று வினாவிலேயே இருந்தால் மட்டும் பழைய பட்டியலுக்குப் போங்கள். வினாவின் முதல் இரண்டு சொற்களைப் படிக்காமல் தாண்டுகிறவர்களே இங்கே தவறுகிறார்கள்.

இருப்பிடம்

ஆட்டுக்குப் பட்டி, மாட்டுக்குத் தொழுவம், குதிரைக்குக் கொட்டில், யானைக்குக் கூடம், கோழிக்குப் பண்ணை. இவை மனிதன் கட்டிக் கொடுத்தவை. வீட்டில் நாம் கோழியைக் கூண்டில்தான் அடைக்கிறோம், அது வாழ்க்கையில் தவறில்லை. ஆனால் இணை பொருத்தும் வினாவில் பாடப்புத்தகம் எதிர்பார்க்கும் சொல் கோழிப்பண்ணை. குருவிக்கூடும் கறையான் புற்றும் அந்தந்த உயிர் தானே அமைத்துக்கொண்டவை. இவற்றில் யாரும் தவறுவதில்லை.

தவறுவது வளையிலும் வலையிலும். எலி வளை, நண்டு வளை, சிலந்தி வலை. மூன்றையும் ஒரே வினாவில் வைத்தால் பாதி வகுப்பு தவறுகிறது. நம் பகுதிப் பிள்ளைகள் இதில் தவறவே கூடாது. வலை என்பது நூலால் பின்னியது. காசிமேட்டில் படகோரம் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைப்பவர்களைத் தினமும் பார்க்கிறோம். சிலந்தியும் நூலால் பின்னுகிறது, ஆகவே சிலந்தி வலை. வளை என்பது மண்ணில் தோண்டிய பொந்து. எண்ணூர் முகத்துவாரத்தில் நீர் வற்றும்போது சேற்றில் தெரியும் ஓட்டைகளில் நண்டு ஓடி ஒளிகிறதே, அது வளை. எலியும் அப்படித்தான் தோண்டுகிறது. நூல் என்றால் ‘ல’, மண் என்றால் ‘ள’. நண்டைப் பிடிப்பது வலையில், நண்டு வாழ்வது வளையில். இந்த ஒரு வரியைப் பிள்ளைகளை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள், போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது

பட்டியலை விலங்கின் பெயர் வரிசையில் எழுதாமல் மரபுச்சொல் வரிசையில் எழுதச் சொல்லுங்கள். ‘கன்று’ என்று தலைப்பிட்டு அதற்குரிய விலங்குகள், ‘உறுமும்’ என்று தலைப்பிட்டு அதற்குரியவை, இப்படி. ஒரு தாளில் அடங்கிவிடும். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது, தெரிந்த பிழைகளை முதலில் அடித்துவிட வேண்டும். ஆனால் ‘கேட்டதே இல்லை’ என்பதற்காக மட்டும் ஒன்றை அடிக்கக் கூடாது. கேட்டிராத சொல்லே இந்த வினாக்களில் பல சமயம் சரியான விடையாக இருக்கிறது. நம் சகோதரிக்கு நடந்ததும் அதுதான்.

பயிற்சி

மரபுப்பிழையை நீக்கி எழுதுக:

1. சேவல் கொக்கரிக்க, பொழுது விடிந்தது.
2. யானைக்குட்டி தாயின் பின்னால் ஓடியது.
3. நண்டு வலைக்குள் புகுந்தது.
4. ஆந்தை குழறியது, கூகை அலறியது.
5. மாட்டுப்பட்டியில் பசு கத்தியது.
6. புலிக்குருளையும் சிங்கப்பறழும் விளையாடின.
7. ஆட்டுக்குட்டி கத்தியது.

விடைகள்: 1. சேவல் கூவ, பொழுது விடிந்தது. 2. யானைக்கன்று. 3. வளைக்குள். 4. ஆந்தை அலறியது, கூகை குழறியது. 5. மாட்டுத்தொழுவத்தில் பசு கதறியது (இதில் இரண்டு பிழைகள்). 6. புலிப்பறழும் சிங்கக்குருளையும், ‘தொல்காப்பியத்தின்படி’ என்று கேட்டிருந்தால் புலிக்குருளை பிழையாகாது. 7. பிழை இல்லை. இதைத் திருத்தியவர்கள் ஒலிமரபுப் பகுதியின் கடைசிப் பத்தியை மீண்டும் ஒருமுறை படிக்கவும்.

அடுத்த மாதிரித் தேர்வில் இதே பகுதியிலிருந்து வினாக்கள் வரும், இன்ஷா அல்லாஹ். வகுப்புக்கு வரும்போது மேலே சொன்ன ஒரு தாள் பட்டியலைக் கையால் எழுதி எடுத்து வரவும். அச்சடித்ததை வாங்கி வர வேண்டாம்.

– செயலாளர்